எழுத்து வாசிக்காதவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். போஸ்டர்: வரைவதிலிருந்து மாட்டுவது வரை

குழந்தைக்குப் பேதியானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எப்படிக் கரைத்துக் கொடுப்பது என்று ஒரு போஸ்டர் வேண்டும். மாட்டப்போகும் இடம் அங்கன்வாடி அல்லது துணை சுகாதார நிலையம். பார்க்கப்போகிறவர்களில் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், நாங்கள் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படம் வரையத் தெரிந்த ஒருவரும் ஃபிளெக்ஸ் கடையும் இருந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். அதில் வரைவதற்கும் அச்சுக்கும் சேர்த்து இரண்டு வாரம் போதும். மீதி நான்கு வாரமும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்களிடம் போய்க் கேட்பதற்கும், திரும்ப வரைவதற்கும், கையெழுத்து வாங்குவதற்கும். ஐப்பசி மழைக்குள் சுவரில் ஏற வேண்டுமானால் ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள்.

1. முதலில் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பேனாவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாம் ஒன்றல்ல. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தருவது பொதுவாக 1 லிட்டர் தண்ணீருக்கானது, உள்ளே 20.5 கிராம் தூள் இருக்கும். மருந்துக் கடையில் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் விற்கிறார்கள். அதில் ஏறக்குறைய 4 கிராம்தான். இரண்டின் மேலும் ஓ.ஆர்.எஸ். என்றே போட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்களே அளவைப் பார்ப்பதில்லை.

சின்னப் பொட்டலத்தை 1 லிட்டரில் கரைத்தால் கரைசல் ஐந்தில் ஒரு பங்கு வீரியத்தில் இருக்கும். குழந்தை இழந்த உப்பு திரும்பாது. பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்தால் ஐந்து மடங்கு உப்பு. அது இன்னும் மோசம். இரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். ஆகவே உங்கள் போஸ்டரில் தவறக் கூடாத செய்தி ஒன்றே ஒன்றுதான்: ஒரு முழுப் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர். மற்றப் படம் எதையாவது ஒருவர் பாதியாகப் புரிந்துகொண்டாலும் பெரிய கேடில்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் போஸ்டரே மாட்டாமல் இருந்திருக்கலாம்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசி, அந்தப் பகுதியில் இப்போது கொடுக்கும் பொட்டலத்தில் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைபவரின் மேசையில் ஒன்று இருக்கட்டும், சோதனைக்கு மற்றவை. 1 லிட்டர் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் மட்டுமே இந்தப் போஸ்டரை மாட்ட வேண்டும். மருந்துக் கடைக்காரர் ஆசையாக ஒன்று கேட்பார். அவர் 200 மில்லிப் பொட்டலமும் விற்பவராக இருந்தால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பொட்டலத்தின் நிறத்தை அப்படியே வரைந்துவிடாதீர்கள். கொள்முதல் மாறும்போது பொட்டலத்தின் நிறமும் படமும் மாறும். அப்போது “இது அந்தப் பொட்டலம் இல்லை” என்று ஒரு தாய் பையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போவாள். வடிவத்தையும் அளவையும் சரியாக வரைந்து, நிறத்தைப் பொதுவாக விட்டுவிடுங்கள்.

2. எதையெல்லாம் விட்டுவிடுவது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு போஸ்டருக்கு ஒரு வேலை. மருத்துவ அலுவலரிடம் படத்தைக் கொண்டுபோனதும் அவர் சொல்லப்போகும் முதல் வாக்கியம், “ஜிங்க் மாத்திரையையும் சேர்த்துவிடுங்கள்” என்பதாக இருக்கும். அவர் சொல்வதில் தவறில்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம் என்று 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். பேதி நின்ற பிறகும் தொடர வேண்டும். ஆனால் வயதைப் பார்த்து அளவு மாறுவதையும், நோய் போன பிறகும் மருந்து தொடர்வதையும் படத்தில் சொல்வது தனி வேலை. அதற்கு வேறு போஸ்டர் செய்து தருகிறேன் என்று சொல்லி நழுவிக்கொள்ளுங்கள். தாய்ப்பாலைத் தொடர்வது, உணவை நிறுத்தாமல் இருப்பது, தண்ணீரைக் காய்ச்சி ஆறவைப்பது எல்லாம் செவிலியர் வாயால் சொல்ல வேண்டியவை. காய்ச்சுவதை நாங்கள் வரைந்து பார்த்தோம். பானையிலிருந்து ஆவி எழும் படத்தைப் பார்த்தவர்கள் சுடு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்றார்கள். ஆறியதை வரைய வழியில்லை. படத்தை எடுத்துவிட்டு, மூடி போட்ட தண்ணீர்க் குடத்தை மட்டும் ஓரத்தில் வைத்தோம்.

எங்கள் போஸ்டரில் கடைசியாக நின்றது எட்டுக் கட்டம்: மேலே எப்போது என்பதைக் காட்டும் படம், நடுவில் எண்ணிட்ட ஆறு படி, அடியில் ஆபத்துக் கட்டம். ஆறு படிகள் இவை. சோப்பால் கை கழுவுதல். ஒரு லிட்டர் பாட்டிலைப் பாத்திரத்தில் முழுவதும் ஊற்றுதல். பொட்டலத்தை முழுவதும் கொட்டுதல். கலக்குதல். கொடுத்தல். மீந்ததை மறுநாள் கொட்டிவிடுதல்.

3. ஒரு கட்டம், ஒரு செயல்

கலக்குவதையும் கொடுப்பதையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் இடம் மிச்சம் என்று வரைபவர் சொல்வார். சம்மதிக்காதீர்கள். படத்தை வாசித்துப் பழகாத கண் ஒரு கட்டத்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது செயல் அதற்குக் காணாமல் போகிறது.

இரண்டாம் கட்டம்தான் இந்தப் போஸ்டரின் உயிர். ஒரு லிட்டரை எப்படிக் காட்டுவது? ஐந்து தம்ளர் வரையலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. வீட்டுக்கு வீடு தம்ளர் வேறு. காபித் தம்ளர் ஒன்று, தண்ணீர்த் தம்ளர் ஒன்று, திருவிழாவில் வாங்கிய பெரிய தம்ளர் ஒன்று. சொம்பும் அப்படித்தான். எல்லோர் வீட்டிலும் ஒரே அளவாகக் கிடைப்பது கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் மட்டுமே. குளிர்பான பாட்டிலோடு குழம்பாமல் இருக்க, இடுப்பு குறுகாத, உடம்பில் வரி வரியாக உள்ள தண்ணீர் பாட்டிலாக வரைந்து அதன் மேல் “1 லிட்டர்” என்று எழுதுங்கள். பாட்டிலுக்குள்ளேயே பொட்டலத்தைக் கொட்டுவதாக வரையாதீர்கள்; வாய் குறுகல், தூள் வெளியே சிந்தும். பாட்டில் தலைகீழாக, கடைசிச் சொட்டு பாத்திரத்தில் விழுவதாக இருக்கட்டும். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் மீதமிருப்பதுபோல வரைந்தால் “பாதி ஊற்றணும்” என்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் பதில் வந்தது.

பொட்டலத்துக்கும் அதே விதி. கிழித்த முனை கீழே பார்க்க, உறை தட்டையாகச் சப்பிப்போய், கடைசித் தூள் விழ வேண்டும். உறை உப்பலாக இருந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது என்று பொருள். பாத்திரம், பாட்டில், பொட்டலம் மூன்றும் எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில், ஒரே உருவில் இருக்க வேண்டும். மூன்றாம் கட்டத்தில் பொட்டலத்தை அழகுக்காகப் பெரிதாக்கினால், அது வேறு பெரிய பொட்டலம் என்று ஆகிவிடும்.

கொடுக்கும் கட்டத்தில் குழந்தை தாயின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தபடி வரைந்தால் அப்படியே படுக்கவைத்து ஊற்றிப் புரை ஏறும். பாலாடையை வரையலாமா என்று கேட்டார்கள். பாலாடையைப் பார்த்ததும் பிறந்த குழந்தைக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடுகிறார்கள். கரண்டியும் தம்ளரும் போதும். பால் புட்டி கூடவே கூடாது.

கைகளை மணிக்கட்டோடு வெட்டித் தனியாக மிதக்கவிடாதீர்கள். நகரத்தில் படித்தவருக்கு அது நாகரிகமான வடிவமைப்பு. பழக்கமில்லாத பாட்டிக்கு அது வெட்டுப்பட்ட கை. முழங்கை, தோள், முகம் எல்லாம் சேர்ந்த ஆளாக வரையுங்கள். எல்லாக் கட்டத்திலும் அதே பெண், அதே புடவை. ஆறு கட்டத்தில் ஆறு புடவை கட்டியிருந்தால் ஆறு பெண்கள், ஆறு கதைகள்.

4. சின்னங்களில் அரசியல் ஒளிந்திருக்கிறது

நம் ஊரில் எழுத்துத் தெரியாதவர்கள் மிக நன்றாக வாசிக்கும் சின்னங்கள் தேர்தல் சின்னங்கள்தாம். இதை மறந்தால் போஸ்டர் ஒரு வாரம்கூடச் சுவரில் நிற்காது. காலை என்று காட்டச் சூரியனை, அதுவும் மலைகளுக்கு நடுவில், வரைந்தால் உதயசூரியன். கை கழுவுவதைக் காட்ட விரித்த உள்ளங்கையை வரைந்தால் கை சின்னம். சுத்தம் என்று இரண்டு பச்சை இலையை ஓரத்தில் அலங்காரமாக வைத்தால் கேட்கவே வேண்டாம். பழம் கொடுக்கலாம் என்று மாம்பழம், அழகுக்குத் தாமரை, எல்லாவற்றிலும் வம்பு இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதி என்று முதலில் மூடுவது இதைத்தான். கை கழுவும் கட்டத்தில் இரு கைகளும் ஒன்றையொன்று தேய்த்தபடி, நுரையோடு, பக்கவாட்டில் தெரியட்டும். கரையில் கறுப்பு சிவப்பு, காவி பச்சை போன்ற சேர்க்கைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

மருத்துவமனையைக் காட்டச் சிவப்புச் சிலுவை போடாதீர்கள். அது செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னம்; இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் பிறர் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அதோடு பலருக்கு அது சர்ச். 108 வண்டியை வரையுங்கள். எந்தக் கிராமத்திலும் கேள்வியே வராது.

தவறு என்பதற்குப் பெருக்கல் குறி, சரி என்பதற்கு டிக் குறி இரண்டும் பள்ளிக்கூடத்தில் கற்றவை. பள்ளிக்கே போகாதவருக்கு இரண்டும் வெறும் கோடு. சோதனையில் ஒரு பெரியவர் பெருக்கல் குறி போட்ட கட்டத்தைத் தொட்டு, “இதுக்குத்தானே முத்திரை குத்தியிருக்கு” என்றார். வாக்குச் சீட்டு காலத்தில் நாம் விரும்பிய சின்னத்தின் மேல் குத்தியதும் சிலுவை போன்ற முத்திரைதானே! அன்றோடு பெருக்கல் குறியை எடுத்துவிட்டோம். செய்யக் கூடாததை வரைவதையே நிறுத்தி, செய்ய வேண்டியதை மட்டும் வரைந்தோம். இந்தப் போஸ்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

5. அம்புக்கு ஒரே அர்த்தம்

அம்புக்குறி எல்லோருக்கும் புரியும் என்பது நம் நினைப்பு. ஒரே தாளில் அது நான்கு வேலை செய்துகொண்டிருப்பதைப் பாருங்கள்: அடுத்த கட்டத்துக்குப் போ, இதை ஊற்று, இப்படிச் சுற்றிக் கலக்கு, இது உள்ளே போகிறது. பார்ப்பவர் எந்த அம்பு எதற்கு என்று தவித்துவிடுவார். அம்பை அடுத்த கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுவதை விழும் தண்ணீரே சொல்லிவிடும். கலக்குவதைச் சுழல் கோடு இரண்டு சொல்லிவிடும்.

கட்டங்களை இரண்டு வரிசையாக அடுக்காதீர்கள். மேல் வரிசையில் 1, 2, 3, கீழ் வரிசையில் 4, 5, 6 என்பது வாசித்துப் பழகியவர்களின் கண்பாதை. எங்கள் முதல் படிவத்தைக் காட்டியபோது, முதல் கட்டத்திலிருந்து நேரே கீழே இறங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை கை கழுவியதும் கலக்க வேண்டும், எதைக் கலக்குவது என்று தெரியவில்லை. மேலிருந்து கீழாக ஒற்றை வரிசை வைத்ததும் இந்தத் தொல்லை முற்றிலும் போய்விட்டது. ஒன்றரை அடி அகலம், நான்கு அடி உயரம். எட்டுக் கட்டத்துக்கும் ஆளுக்கு ஆறு அங்குலம். இடப்பக்கம் எண், நடுவில் படம், வலப்பக்கம் சொல். கட்டங்களுக்கு இடையே அம்பு தடித்து, கறுப்பாக, கீழ்நோக்கி இருக்கட்டும்.

எண்கள் கண்டிப்பாக வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கும் 1, 2, 3 தெரியும். பஸ்ஸும் செல்போனும் ரூபாய் நோட்டும் கற்றுக்கொடுத்திருக்கின்றன. தமிழ் எண்களைப் போட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அந்த நல்லெண்ணத்துக்கு வணக்கம் சொல்லி மறுத்துவிடுங்கள்.

6. சொற்களைக் கடைசியில் சேருங்கள்

சொல் யாருக்கு என்று கேட்கலாம். வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கும்; எழுத்துக் கூட்டத் தெரிந்த மருமகள் இருப்பாள். அவர்களுக்காக. எங்கள் போஸ்டரில் மொத்தம் 12 சொற்கள்:

மேலே: பேதியா?
1: கை கழுவுங்கள்
2: 1 லிட்டர்
3: முழுப் பொட்டலம்
4: கலக்குங்கள்
5: அடிக்கடி கொடுங்கள்
6: மறுநாள் கொட்டுங்கள்
அடியில்: உடனே 108

இரண்டு மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பார்கள் என்றால் எழுத்தின் உயரம் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர். தூரத்தில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வெழுத்து, நிழலெழுத்து, வெட்டி ஒட்டியது போன்ற அலங்கார எழுத்துரு எதுவும் வேண்டாம். வெள்ளைத் தளத்தில் கறுப்பு.

அச்சுக் கடையில் தமிழ் உடைவது பழைய தலைவலி. நீங்கள் யூனிகோடில் தட்டச்சிட்டதைக் கடையில் உள்ள பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். “கொடுங்கள்” என்பது யாருக்கும் புரியாத ஒன்றாகிவிடும். அங்கேயே வேறு எழுத்துருவில் திரும்ப அடித்துத் தருகிறேன் என்பார்கள். பிழை நுழையும் வாசல் அதுதான். கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளை உருவங்களாக மாற்றிவிடுங்கள். Inkscape என்ற இலவச மென்பொருளில் Path என்ற பட்டியலில் Object to Path. CorelDRAW-வில் Convert to Curves. மாற்றுவதற்கு முன்னுள்ள கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு திருத்த முடியாது. பிறகு பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள்.

7. சோதனை: “புரிகிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். எழுத்துத் தெரியாது என்பதைக் காட்டிக்கொள்ளவும் யாருக்கும் விருப்பமிருக்காது, ஆகவே “வாசிக்கத் தெரியுமா?” என்றும் கேட்காதீர்கள். பதிவேட்டில் போடுவது கையெழுத்தா கைநாட்டா என்பதை வைத்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

சொற்கள் இல்லாத படிவத்தோடு போங்கள். ஏ3 தாளில் கறுப்பு வெள்ளைப் படி போதும், பத்து இருபது ரூபாய்தான். தடுப்பூசி போடும் புதன்கிழமை, ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலைத் தளத்தில் சாப்பாட்டு நேரம், இவை மூன்றும் நல்ல இடங்கள். ஒவ்வொருவராகத் தனியே கேட்க வேண்டும். கூட்டமாகக் கேட்டால் வாய்த்துடுக்கான ஒருவர் சொல்வதையே மற்றவர்களும் திருப்பிச் சொல்வார்கள்.

முதல் கேள்வி: “அக்கா, இதிலே என்ன தெரியுது, சொல்லுங்க?” இரண்டாவது: “எங்கேயிருந்து தொடங்கணும்? விரல் வைத்துக் காட்டுங்க.” விரல் எந்த வழியில் போகிறது என்று தாளில் கோடு இழுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வி இல்லை. பொருள்களைக் கையில் கொடுங்கள். நிஜப் பொட்டலம், மூன்று வெவ்வேறு பாட்டில் (அரை லிட்டர், 1 லிட்டர், 2 லிட்டர்), பாத்திரம், கரண்டி. “படத்தில் உள்ளபடி செய்துகாட்டுங்க” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டிலை எடுக்கிறார், முழுவதும் ஊற்றுகிறாரா, பொட்டலத்தை உதறுகிறாரா என்பதை எழுதுங்கள். வாயால் சரியாகச் சொன்ன ஒருவர் கை அரை லிட்டர் பாட்டிலுக்குப் போவதைப் பார்க்கலாம். எங்கள் பாட்டில் படம் மெலிந்திருந்ததால் அப்படி நடந்தது. பக்கத்தில் ஒரு தாயின் உருவத்தை அளவுக்கு வைத்ததும் சரியானது.

பத்துப் பேரிடம் கேளுங்கள், திருத்துங்கள். அடுத்த பத்துப் பேர் புதியவர்களாக இருக்க வேண்டும்; முன்பு பார்த்தவர்களுக்கு விடை தெரிந்துவிட்டிருக்கும். எது தேர்ச்சி என்பதற்கு, அமெரிக்காவில் பாதுகாப்புக் குறியீடுகளுக்கு வைத்திருக்கும் அன்சி தரநிலையின் அளவுகோல் கைகொடுக்கிறது: நூற்றில் 85 பேர் சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தாகத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர் ஐந்தைத் தாண்டக் கூடாது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு நான் அந்த ஐந்தையும் ஏற்க மாட்டேன். ஒருவர் ஒரு தம்ளரில் கரைத்தாலும் திரும்ப வரைய வேண்டியதுதான்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது ஆறாம் கட்டம். கரைத்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நேரத்தை எப்படிப் படமாக்குவது? கடிகாரம் பயனில்லை. சூரியனுக்குத் தடை. வரைபவர் நல்ல யோசனை என்று வாசலில் கோலம் போட்டு, பக்கத்தில் ஒரு பெண் பாத்திரத்தைக் கவிழ்ப்பதாக வரைந்து வந்தார். கோலம் என்றால் காலை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எங்களுக்கும் பிடித்துப்போனது. காட்டியதும் ஒருவர் விடாமல் சொன்ன பதில்: “வாசல் தெளிக்கிறா.” சிலர் அந்த மருந்துத் தண்ணீரால் வாசல் தெளித்தால் பூச்சி வராதா என்றுகூடக் கேட்டார்கள்.

பிறகு கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். இடப்பாதி கருநீலம்: பாயில் தாயும் குழந்தையும் தூங்குகிறார்கள், மேலே பிறை, அருகில் மூடிய அதே பாத்திரம். வலப்பாதி வெளிச்சம்: கொல்லையில் பாத்திரம் கழுவும் இடத்தில் அதே பெண் அதே பாத்திரத்தைக் கவிழ்க்கிறாள், பக்கத்தில் பிரிக்காத புதுப் பொட்டலம் ஒன்று. புதுப் பொட்டலத்தைச் சேர்த்ததும்தான் “பழசைக் கொட்டிட்டுப் புதுசு கரைக்கணும்” என்ற பதில் வரத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் ஒரு செயல் என்ற விதியை மீறிய ஒரே இடம் இது.

மேல் கட்டமும் சங்கடமானது. குந்தியிருக்கும் குழந்தையும் கீழே தண்ணீராகப் போனதும் வேண்டும். அநாகரிகம் என்று யாராவது எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால், எல்லோரும் குடிக்கும் சத்துப் பானம் என்று போஸ்டர் வாசிக்கப்படும். விட்டுக்கொடுக்காதீர்கள். அடிக் கட்டத்தில் துவண்டு கிடக்கும் குழந்தையும், சிவப்புக் கலந்த மலமும், 108 வண்டியும். கண் குழிவதை வரைய முயலாதீர்கள். வரைந்தால் பேய் மாதிரி வருகிறது.

8. கையெழுத்தும் அனுமதியும்

இரண்டு தாள் வேண்டும். ஒன்று, உள்ளடக்கம் சரி என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். கடிதத்தோடு வண்ணப் படி ஒன்று, சோதனை முடிவை ஒரு பக்கத்தில் எழுதியது ஒன்று, மாட்டப்போகும் இடங்களின் பட்டியல் ஒன்று இணையுங்கள். படத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தில் மட்டும் வாங்கினால் பின்னால் “நான் பார்த்த படம் இதுவல்ல” என்று வரும். பல ஒன்றியங்களில் மாட்டுவதாக இருந்தால் மாவட்ட சுகாதார அலுவலரிடமே போய்விடுங்கள். சோதனைத் தாள் கையில் இருப்பதன் இன்னொரு பயன்: இதைச் சேர், அதை மாற்று என்று மேசையில் உட்கார்ந்து சொல்பவரிடம் வாதாடத் தேவையில்லை, தாளைத் தள்ளினால் போதும்.

இரண்டாவது, இடத்துக்குரியவரின் அனுமதி. அங்கன்வாடிக்குக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், பஞ்சாயத்துக் கட்டடத்தில் பொட்டலம் கொடுத்தால் ஊராட்சித் தலைவர். அனுமதியில்லாமல் பொதுச் சுவரில் ஒட்டுவது, பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். பஸ் நிறுத்தத்தில் இரவோடு இரவாக ஒட்டிவிடலாம் என்று யாராவது துணிச்சல் கொடுத்தால் கேட்காதீர்கள். கையெழுத்துகளுக்கு இரண்டு வாரம் வையுங்கள்; மாத இறுதியில் போகாதீர்கள், எல்லோரும் அறிக்கை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அரசு முத்திரையை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போடாதீர்கள். நன்கொடையாளர் சின்னத்தை முன்பக்கம் போடாதீர்கள். அடியில் மூன்று சின்னங்கள் வரிசையாக நின்றால், எண்ணிட்ட படிகளுக்குப் பிறகு இன்னும் மூன்று வேலை இருப்பதாகச் சிலர் விரலை அங்கேயும் கொண்டுபோகிறார்கள். பின்பக்கத்தில் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

9. செலவு

ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கத்துக் கணக்கு இது. வரைபவருக்குக் கட்டத்துக்கு 600 ரூபாய் பேசினோம். எட்டுக் கட்டத்துக்கு 4,800. திருத்தங்களுக்குத் தனியாக 2,000 முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது திருத்தத்தில் போனை எடுக்க மாட்டார். போஸ்டர் ஒன்று ஆறு சதுர அடி. சாதாரண ஃபிளெக்ஸ் சதுர அடி 15 ரூபாய் என்றால் 90 ரூபாய். வினைல் அச்சிட்டு ஃபோம் பலகையில் ஒட்டினால் சதுர அடி 70, ஆக 420 ரூபாய். அறைக்குள் மாட்டுவதற்குப் பலகைதான் நல்லது. ஃபிளெக்ஸ் ஓரம் சுருண்டு முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் மறைத்துவிடும். பளபளப்பு வேண்டாம், மேட் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் பளபளப்பில் பாதிப் படம் தெரியாது.

மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரே ஒரு போஸ்டரை முழு அளவில் அடித்து வாங்குங்கள். திரையில் தோல் நிறமாக இருந்தது அச்சில் சிவந்து புண் மாதிரி வரலாம். கருநீல இரவு கறுப்பாகிப் பிறை மட்டும் மிதக்கலாம். எழுத்தை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு சொல்தான், இருந்தும் “கலக்குங்கள்” என்பதில் ஒரு புள்ளி தொலைந்துவிடக்கூடும்.

10. மாட்டுவதும் அதன் பிறகும்

நான்கு அடிப் பலகையை ஆறடி உயரத்தில் தொங்கவிட்டால் அடி விளிம்பு தரையிலிருந்து இரண்டடியில் நிற்கும். அங்கே பெஞ்ச் போட்டிருந்தால் ஆறாம் கட்டமும் 108-ம் யார் முதுகுக்குப் பின்னாலாவது போய்விடும். பெஞ்ச் இல்லாத சுவர், பொட்டலம் கொடுக்கும் மேசைக்குப் பக்கம், இதுவே சரியான இடம். செவிலியர் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே படத்தின் மேல் விரல் வைத்துச் சொல்ல முடிய வேண்டும். மேசையடியில் ஒரு காலி 1 லிட்டர் பாட்டிலைக் கட்டிவைத்தால் இன்னும் நல்லது.

மூன்று மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். அரசு தரும் பொட்டலம் இன்னும் 1 லிட்டருக்கானதுதானா என்று முதலில் கேளுங்கள். மாறியிருந்தால் அன்றே போஸ்டரைக் கழற்ற வேண்டும். வெயில் படும் இடமாக இருந்தால் முதலில் வெளிறுவது சிவப்பும் மஞ்சளும். கறுப்பும் நீலமும் நின்றுவிடும். அடிக் கட்டத்தில் மலத்தில் இருந்த சிவப்பு போய்விட்டால், அந்தக் குழந்தைக்கு வெறும் பேதி என்று ஆகிவிடும். அம்புகளைக் கறுப்பாகப் போடச் சொன்னதும் இதனால்தான். அச்சிட்ட மாதத்தையும் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் பலகையின் பின்னால் மார்க்கரில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அடிக்க வேண்டியது நீங்களாக இருக்க வேண்டியதில்லை.